‘வின்டேஜ்’ என்று போட்டாலே பழுப்படிக்கிறது: பழைய தேயிலை லேபிளுக்குப் பிராம்ப்ட் எழுதுவது எப்படி?

புதுச்சரக்கு | பிப்ரவரி 3, இரவு 9.40

தேயிலை பாக்கெட்டுக்கு 1920கள் தோரணையில் ஒரு லேபிள் வேண்டும். படம் வரைந்து தரும் ஏஐ கருவிக்கான பிராம்ப்டில் vintage, retro, aged paper, 1920s எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். நாற்பது படம் வந்தது. நாற்பதும் யாரோ மேலே டீயைக் கொட்டின மாதிரி ஒரே பழுப்பு. 1920-ஐ 1950 ஆக்கினாலும் அதே கதை. யாரிடமாவது அந்தந்தக் காலத்துக் கலர் பேலட் இருந்தால் போடுங்கள். அதைப் பிராம்ப்டில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

நீலமை | பிப்ரவரி 3, இரவு 11.15

பேலட் மட்டும் சேர்த்தால் சரியாகாது. மேலே பழுப்பு ஏறிய பேலட்தான் கிடைக்கும்.

அந்த லேபிள் 1920-இல் அச்சகத்திலிருந்து வெளியே வந்த அன்று பழுப்பாக இல்லை. பளிச்சென்று இருந்தது. அலமாரியில் மற்றவற்றைத் தாண்டிக் கண்ணில் படவேண்டும் என்பதற்குத்தானே அதை அடித்தார்கள்? நாம் இன்று ஸ்கேனில் பார்ப்பது நூறு வருஷம் பழுத்த தாள். vintage, aged என்ற சொற்களோடு இணையத்தில் ஒட்டிக் கிடப்பவை எல்லாம் அப்படிப்பட்ட ஸ்கேன்கள். இல்லையென்றால் அவற்றைப் பார்த்து இப்போது செய்த டெம்ப்ளேட்கள். கருவி அதைத்தான் திருப்பித் தரும்.

ஆகவே லேபிள் இப்போது எப்படித் தெரிகிறது என்று எழுதாதீர்கள். எப்படி அச்சடித்தார்கள் என்று எழுதுங்கள். எத்தனை மை, நிழலை எதனால் போட்டார்கள், ஓரம் கூர்மையா மழுங்கலா என்று. பழுப்பு வேண்டுமென்றால் கடைசியில் நாமே ஏற்றிக்கொள்ளலாம். ஏறிவிட்ட பழுப்பை இறக்குவது நாய் வாலை நிமிர்த்துகிற வேலை.

நான் போன மாதம் ஒரு தேயிலை லேபிளுக்கு எழுதியது:

```
flat lithograph label artwork, tea sprig and a kettle,
five solid ink colours, hand stippled shading, hard edges,
freshly printed, unfaded, blank banner, blank oval panel,
front view --ar 3:4 --no text, sepia, stains, photo
```

கடைசி வரி Midjourney-க்கானது. Stable Diffusion என்றால் அந்த `--no` பட்டியலை நெகட்டிவ் பிராம்ப்ட் பெட்டிக்கு மாற்றுங்கள். “no sepia” என்று மெயின் வாக்கியத்துக்குள் எழுதாதீர்கள். கருவியின் காதில் no விழாது, sepia மட்டும் விழும்.

இதில் வருஷமே இல்லை, கவனித்தீர்களா. freshly printed என்ற இரண்டு சொல்தான் முக்கால்வாசி வேலையைச் செய்தது.

நீலமை | பிப்ரவரி 3, இரவு 11.32

பேலட் கேட்டதை விட்டுவிட்டேன். நான் வைத்துக்கொண்டது இது:

```
#F3E6C8  தாள்
#E3A92B  மஞ்சள்
#C23B22  சிவப்பு
#3E8A94  நீலம்
#2B211C  கறுப்பு
```

இதில் பச்சை இல்லை. தேயிலைக்குப் பச்சை இல்லாமலா என்று கேட்பீர்கள். மஞ்சள் மேல் நீலம் ஏறினால் பச்சை. Multiply-இல் வைத்துப் பார்த்தேன், `#375B19` வந்தது. தாளின் நிறமும் சேரும்போது இன்னும் ஒரு பிடி இருளும். முதலில் நீலத்தை அடர்த்தியாக, `#1F5A5A` என்று வைத்திருந்தேன். அதை மஞ்சள் மேல் ஏற்றினால் இலை கறுப்பாகிவிட்டது. ஒவ்வொரு நிறத்தையும் தனியாக அழகு பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

தாளைத் தூய வெள்ளையாக வைக்காதீர்கள். இன்றைய தாளில் தெரியும் அந்த நீலம் பாய்ந்த வெள்ளை, தாளில் சேர்க்கும் ஒளிரும் சாயத்தால் வருவது. அது பரவியது 1950-ஐ ஒட்டித்தான். அதற்கு முந்தைய தாள் புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் பால்நிறம்.

புள்ளிப்பித்தன் | பிப்ரவரி 4, காலை 7.05

இவ்வளவு சுற்ற வேண்டாம். பழைய அச்சு என்றால் புள்ளி. halftone dots என்று போடுங்கள், உடனே பழைய லுக் வந்துவிடும். நான் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுகிறேன்.

நீலமை | பிப்ரவரி 4, காலை 8.20

புள்ளி உண்டு, சரி. எந்தப் புள்ளி என்பதில்தான் தகராறு.

அந்தக் காலத்து லேபிள் கல்லச்சு, அதாவது கல்லின் மேல் வரைந்து அதிலிருந்து எடுத்த அச்சு. அதில் புள்ளியை ஓவியர் கையால் குத்துவார். நிழல் இருக்கும் இடத்தில் நெருக்கம், வெளிச்சத்தில் தூரம். வரிசை கிடையாது, ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. நீங்கள் சொல்லும் halftone என்பது போட்டோவை வலை வழியாகப் பிடித்து எடுப்பது. வரிசையாக நிற்கும், அளவு மட்டும் மாறும். அதுவும் அந்தக் காலத்திலேயே இருந்ததுதான், ஆனால் இரண்டும் வேறு. halftone dots என்று போட்டால் கருவி கொடுப்பது காமிக்ஸ் பக்கத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கின மாதிரி பட்டாணிப் புள்ளிகள். தேயிலை லேபிளில் அப்படி ஒரு புள்ளி இருந்தால் கெட்டில் மூக்கில் பரு மாதிரி தெரியும்.

அதனால்தான் hand stippled என்று எழுதினேன்.

மெஷின்மேன் | பிப்ரவரி 4, பகல் 1.30

முப்பது வருஷம் ஆஃப்செட் மெஷின்ல நின்னவன். எங்கப்பா கல்லுல வேலை பாத்தவரு. நீலமை சொல்றது சரிதான். ஒரு கலருக்கு ஒரு கல்லு. ஓவியர் எல்லாத்தையும் இடவலம் மாத்திதான் வரைவாரு, எழுத்தையும் சேத்து. எழுத்துக்குன்னு தனியா ஃபான்ட்டு கிடையாது. படம் வரையற கைதான் எழுத்தும் எழுதும். அதான் பழைய லேபிள்ல எழுத்து ரிப்பன் மாதிரி வளையும், நுனியில கொடி விடும். அச்சு எழுத்தைக் கோத்து அப்படி வளைக்க முடியாது, ஈய எழுத்து நேராதான் நிக்கும்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ரெண்டு கலருக்கு நடுவுல வெள்ளைக் கோடு தெரியற மாதிரி இப்ப எல்லாரும் பண்றாங்க. அதை எந்த முதலாளியும் வெளியே விட்டதில்ல.

நீலமை | பிப்ரவரி 4, மாலை 6.45

மெஷின்மேன் சார் சொன்ன வெள்ளைக்கோடு நானும் செய்த பாவம்.

ஒரு நிறம் மற்றதன் மேல் சரியாக உட்காராமல் நகர்ந்து நிற்கும் அந்த விலகலை முதலில் ஒரு மில்லிமீட்டர் வைத்தேன். திரையில் பார்க்க அருமை. 9-க்கு 12 செ.மீ. அளவில் அச்செடுத்துக் கையில் பிடித்தபோது கெட்டில் பக்கத்தில் இன்னொரு கெட்டில் எட்டிப்பார்த்தது. அந்த அளவுக்குக் கலர் அவுட் ஆன தாள் கடைக்குப் போயிருக்காது, பொட்டலம் மடிக்கத்தான் போயிருக்கும்.

இப்போது வைப்பது 0.2-லிருந்து 0.3 மி.மீ. 300 டிபிஐ-யில் ஒரு மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு பிக்சல் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை முதல் மூன்றரை பிக்சல். கறுப்பை நகர்த்தாதீர்கள், அதுதான் ஆதாரம். மஞ்சளை வலப்பக்கம் மூன்று பிக்சல், சிவப்பை மேலே இரண்டு பிக்சல் நகர்த்தினேன். நீலத்தை அப்படியே விட்டேன். எல்லாவற்றையும் நகர்த்தினால் ஆட்டம் கண்ட மாதிரி ஆகிவிடும். லேபிள் முழுக்க ஒரு நிறம் ஒரே பக்கம்தான் விலகவேண்டும். இலைக்கு ஒரு பக்கம், கெட்டிலுக்கு ஒரு பக்கம் என்று விலகினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று மட்டும் பட்டுவிடும்.

இதைப் பிராம்ப்டில் misregistration என்று எழுதிக் கேட்கலாமே என்றால், கேட்டேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிழல் போட்டுக் கொடுத்தது. அதற்கு அந்தச் சொல் தெரிகிறது, அந்தக் காரியம் தெரியவில்லை.

டின்டப்பா | பிப்ரவரி 5, காலை 10.10

ரொம்ப உபயோகமான பேச்சு. எனக்கு மிட்டாய் டின்னுக்கு வேண்டும். paper grain நன்றாகப் போட்டும் டின் மாதிரி வரவில்லையே, இன்னும் எவ்வளவு grain போடணும்?

நீலமை | பிப்ரவரி 5, காலை 10.25

டின்னில் தாள் ஏது?

நீலமை | பிப்ரவரி 5, காலை 11.50

சுருக்கென்று சொல்லிவிட்டேன். விரிவாக.

தகரத்தில் நேரடியாக அச்சடிப்பது வேறு வித்தை. ஓர் இடைப்பரப்பில் மையை எடுத்துத் தகரத்தில் ஒற்றும் ஆஃப்செட் முறைக்கு 1875-இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். தாளுக்கு ஆஃப்செட் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1904 வாக்கில். தகரத்தில் மை உள்ளே ஊறாது, மேலேயே நிற்கும். அதனால் நிறம் தாளை விட வழுவழுவென்று இருக்கும். முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு, அதன் மேல் நிறங்கள். தங்கமாகத் தெரியவேண்டிய இடத்தில் வெள்ளையை விட்டுவிட்டு, வெறும் தகரத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவும் மஞ்சள் வார்னிஷ். தகரத்தின் மினுக்கே தங்கமாகிவிடும்.

உங்களுக்குத் தேவை: lithographed tin, transparent yellow lacquer over bare metal, glossy enamel. பழசாகவேண்டுமென்றால் மூடியின் விளிம்பிலும் மூலைகளிலும் மை தேய்ந்து தகரம் தெரியவேண்டும், கை படும் இடத்தில் கீறல். நடு முகத்தில் சொறி பிடித்த மாதிரி துரு வேண்டாம். கருவி எப்போதும் அங்கேதான் கொண்டுபோய் வைக்கும்.

gold foil என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். கல்யாணப் பத்திரிகைக் கண்ணாடித் தங்கம் வரும். தாள் லேபிளில் அந்தக் காலத் தங்கம் வெண்கலப் பொடி. பசை வார்னிஷ் அடித்து அதன்மேல் தூவித் துடைத்தது. மங்கலாக, மணல் மாதிரி இருக்கும். bronze powder, matte என்றால் பக்கத்தில் வருகிறது.

டின்டப்பா | பிப்ரவரி 5, பகல் 12.20

ஓ. நான் டின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் லேபிளைத்தான் டின் என்று சொன்னேன் 😅

நீலமை | பிப்ரவரி 5, பகல் 12.22

தகரத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதின பிறகா!

புதுச்சரக்கு | பிப்ரவரி 6, இரவு 8.15

freshly printed போட்டேன், பழுப்பு போயே போச்சு. நன்றி. ஆனால் five solid ink colours என்று எழுதியும் படத்தில் ஐந்து நிறமா இருக்கிறது? ஜூம் பண்ணினால் இலைக்குள்ளேயே நூறு பச்சை. பேனரில் blank என்றும் கேட்டேன், ஏதோ கிறுக்கி வைத்திருக்கிறது.

நீலமை | பிப்ரவரி 6, இரவு 10.40

ஐந்து நிறம் என்று சொன்னால் ஐந்து நிறம் மாதிரி ஒரு படம் தரும், அவ்வளவுதான். உள்ளே வழுக்கிக்கொண்டே போகும் நிழல் இருக்கும். பொய்யைக் காட்டிக்கொடுப்பது அதுதான், பழுப்பு கூட இல்லை. கல்லில் வழுக்கும் நிழல் கிடையாது. மை இருக்கும் அல்லது இருக்காது.

எனவே நாமே பிரிக்கவேண்டும். ImageMagick-இல்:

```
magick xc:"#F3E6C8" xc:"#E3A92B" xc:"#C23B22" \
  xc:"#3E8A94" xc:"#375B19" xc:"#2B211C" +append pal.png
magick label.png +dither -remap pal.png flat.png
```

தாளும் நான்கு மையும் சேர்த்து ஐந்து நிறம், ஆனால் பட்டியலில் ஆறு. ஆறாவது அந்தப் பச்சை. அது மஞ்சளும் நீலமும் ஏறின இடம். flat.png வந்ததும் ஒவ்வொரு நிறத்தையும் தேர்ந்தெடுத்துத் தனித்தனி லேயராக்குங்கள். பச்சை இடத்தை மஞ்சள் லேயரிலும் நிரப்புங்கள், நீல லேயரிலும் நிரப்புங்கள், பச்சை லேயரைத் தூக்கிப் போடுங்கள். இப்போது மஞ்சளை மூன்று பிக்சல் நகர்த்தினால் இலையின் ஒரு ஓரத்தில் மெல்லிய மஞ்சள் விளிம்பும் மறு ஓரத்தில் நீல விளிம்பும் தெரியும். அந்த விளிம்பைப் பார்த்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எந்த filter-உம் அதைத் தராது.

வரிசை: அடியில் தாள், மேலே மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. தாளைத் தவிர எல்லாம் Multiply.

பேனர் கிறுக்கலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நிறம் பிரித்ததும் கிறுக்கல் பெரும்பாலும் கறுப்பு லேயரில் தனியாக நிற்கும், அழித்துவிடலாம்.

நீலமை | பிப்ரவரி 8, காலை 6.50

மேலே எழுதினதில் ஒரு கோளாறு. நேற்று வேறொரு படத்துக்கு அதே கட்டளையை ஓட்டினேன், இலை பாதி கறுப்பு பாதி மஞ்சள் என்று திட்டுத்திட்டாக வந்தது. காரணம் எளிது. கருவி வரைந்த பச்சை வேறு, என் பட்டியலில் இருக்கும் பச்சை வேறு. remap எது பக்கம் என்று மட்டும்தான் பார்க்கும். இலையின் நிழல் என் பச்சையை விடக் கறுப்புக்குப் பக்கமாக இருந்தது, வெளிச்சம் மஞ்சளுக்குப் பக்கமாக இருந்தது.

சரியான வழி: கருவி கொடுத்த படத்திலிருந்தே ஐட்ராப்பரால் ஆறு நிறம் எடுங்கள். அதன் இலை, அதன் சிவப்பு என்று. அதை வைத்து remap செய்யுங்கள். பிரிந்த பிறகு ஒவ்வொன்றையும் உங்கள் மைக்கு மாற்றுங்கள். நடுவே ஆளை வைத்துப் பேசுகிற மாதிரிதான், ஆனால் இலை முழுசாக வருகிறது. பிரிப்பதற்கு முன் ஒரு 3 பிக்சல் மீடியன் ஓட்டினால் மணல் மணலாகத் தெரியும் தூசியும் போய்விடும். ரொம்ப ஓட்டினால் புள்ளி நிழலும் சேர்ந்து போய்விடும்.

புள்ளிப்பித்தன் | பிப்ரவரி 8, காலை 9.00

இவ்வளவும் செய்வதற்கு நேராக வரைந்துவிடலாமே.

நீலமை | பிப்ரவரி 8, காலை 9.04

வரையத் தெரிந்தால் இந்த இழையில் எனக்கு என்ன வேலை?

நீலமை | பிப்ரவரி 9, இரவு 11.05

தாளின் இழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று புதுச்சரக்கு தனியாகக் கேட்டார். இங்கேயே எழுதுகிறேன்.

எல்லோரும் செய்வது, நெட்டில் கிடைக்கும் பழைய தாள் படம் ஒன்றை எடுத்து மொத்தத்துக்கும் மேலே போர்த்துவது. இரண்டு தப்பு. ஒன்று, அளவு. மரக்கூழ் நார் நீளம் சில மி.மீ.தான், அகலமோ தலைமுடியை விட மெல்லிசு. 300 டிபிஐ-யில் அது ஒரு பிக்சலைக் கூட நிரப்பாது. பெரிய தாளைப் படம் பிடித்து 9 செ.மீ. லேபிளில் நீட்டிப் போர்த்தும்போது நார் எல்லாம் கயிறாகிவிடுகிறது. இரண்டு, போர்வை மையின் மேலும் விழுகிறது. நாம் பார்க்கவேண்டியது மை சரியாகப் பிடிக்காத இடத்தில் எட்டிப்பார்க்கும் தாளை. ஒவ்வொரு மை லேயருக்கும் வேறு வேறு நுண்மணல் மாஸ்க் போட்டு, இங்கங்கே ஊசிமுனை அளவு ஓட்டை விழச்செய்தால் போதும். நான்கு லேயருக்கும் ஒரே மாஸ்க் போட்டுவிடாதீர்கள். எல்லா நிறமும் ஒரே இடத்தில் ஓட்டையானால் அது அச்சு இல்லை, பூச்சி அரித்தது.

மெஷின்மேன் | பிப்ரவரி 10, காலை 7.40

நீங்க நார் நார்னு எழுதறீங்க. லேபிளு எந்தத் தாள்ல அடிச்சாங்கன்னு யோசிச்சீங்களா? குரோமோ பேப்பர். ஒரு பக்கம் பூச்சு, மறுபக்கம் வெறும் தாள், அங்கதான் பசை தடவறது. பூச்சுப் பக்கம் நார் எங்க தெரியும்? நல்ல லேபிள்னா வழவழன்னு இருக்கும்.

நீலமை | பிப்ரவரி 10, காலை 8.15

இது எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று இரவு எழுதினதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

பூச்சுத் தாள் என்றால் பழமை வேறு மாதிரி வரும். நார் தெரியாது. மடிந்த இடத்தில் பூச்சு வெடித்து உள்ளே இருக்கும் தாள் கோடாகத் தெரியும். பாக்கெட்டின் மூலையில், மடிப்பில் மட்டும். மலிவுச் சரக்கு, உள்ளே வைக்கும் துண்டுச்சீட்டு, சுற்றும் தாள் இவற்றுக்குத்தான் வெறும் தாளும் நாரும். ஆக paper grain என்ற சொல்லை லேபிள் பிராம்ப்டிலிருந்து எடுத்துவிட்டேன். மாஸ்க் வைத்து ஊசி ஓட்டை போடுவதை மட்டும் வைத்திருக்கிறேன், பாதியாகக் குறைத்து.

பழுப்பு வேண்டுமே வேண்டும் என்பவர்களுக்கு: மரக்கூழ்த் தாள் காற்றும் வெளிச்சமும் படும் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுக்கும். நடுவில் கோப்பை வைத்த வட்டமெல்லாம் சினிமா. கடைச் சன்னலில் வெயில் பட்ட லேபிளில் பெரும்பாலும் சிவப்புதான் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தங்கும். அதாவது வெயில் பட்டது நீலம் பாயும். sepia filter எல்லாவற்றையும் பழுப்பாக்கி நீலத்தை முதலில் கொல்கிறது, நிஜத்துக்கு நேரெதிர். யாராவது பழைய லேபிள் என்று காட்டினால் நான் முதலில் நீலத்தைத்தான் பார்ப்பேன்.

புதுச்சரக்கு | பிப்ரவரி 12, இரவு 9.30

படம் முடிந்தது. இப்போது எழுத்து. “தேயிலை” என்று தமிழில் வேண்டும். கருவியிடம் கேட்டேன், தே-க்குக் கொம்பு இரண்டு பக்கமும் வைத்து, யி-யைக் காணோம், கடைசியில் ஏதோ பாம்பு.

நீலமை | பிப்ரவரி 12, இரவு 10.10

அதனிடம் தமிழ் எழுத்து கேட்கவே வேண்டாம். இன்று ஐந்தில் ஒன்று சரியாக வந்தாலும் நாளை ஒரு புள்ளி காணாமல் போகும். blank banner வாங்கி எழுத்தை நீங்களே வையுங்கள். ஃபான்ட் போட்டு, அதை வெக்டராக்கி, பேனரின் வளைவுக்கு வளைத்து, ஒவ்வொரு எழுத்தையும் கையால் கொஞ்சம் திருத்துங்கள். இரண்டு ‘ய’ வந்தால் இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்கக்கூடாது, மெஷின்மேன் சார் சொன்ன கை அங்கேதான் தெரியும். பிறகு அந்த எழுத்தும் சிவப்பு லேயருக்குள் போகவேண்டும், அதே மாஸ்க், அதே விலகலோடு. மேலே தனியாக மிதக்கவிட்டால் ஒட்டவைத்தது என்று தெரிந்துவிடும்.

அந்தப் பாம்பைப் பற்றி. அது பாதி சரியாக இருந்திருக்கலாம்!

என் பழைய லேபிள் ஒன்றில் 1950கள் தோரணையில் எல்லாம் கச்சிதமாகச் செய்திருந்தேன். வாடிக்கையாளரின் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “இந்த லை எங்க காலத்துல இப்படி இல்லையேப்பா” என்றார். அத்தனை நாள் நான்கு மை, மூன்று பிக்சல் என்று மல்லாடியவன், எழுத்தில் கோட்டை விட்டிருந்தேன். ல-வுக்கு முன்னால் ‘ை’ தனியாக நிற்பது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு. அதற்கு முன் ல-வின் தலையில் தும்பிக்கை மாதிரி ஏறி வளையும். ணை, ளை, னை-க்கும் அப்படித்தான். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரம் எல்லாம் சேர்த்து மொத்தம் பதின்மூன்று எழுத்து மாறியது. தேயிலை விற்பவனுக்குத் தப்பிக்க வழியில்லை, பெயரிலேயே லை இருக்கிறது.

கணினியில் பழைய லை-க்குத் தனிக் குறியீடு கிடையாது. இரண்டும் U+0BB2, U+0BC8 தான். ஃபான்ட்தான் எந்த வடிவம் என்று தீர்மானிக்கும். பழைய வடிவம் உள்ள ஃபான்ட் கிடைக்காவிட்டால் வெக்டரில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு எழுத்துதானே.

மெஷின்மேன் | பிப்ரவரி 13, காலை 6.30

ஒரு திருத்தம். 78-க்கு முன்னாடி எல்லாமே தும்பிக்கைன்னு சொல்லிட முடியாது. பெரியார் 1935-லயே குடிஅரசுல புது எழுத்தைக் கொண்டுவந்துட்டாரு. அந்தப் பக்கத்து ஆளுங்க அச்சடிச்சது புது லைதான். 78-க்கு அப்புறமும் பழைய கை உடனே மாறல. எங்க அச்சகத்துல பழைய லை ரொம்ப வருஷம் ஓடிச்சு.

நீலமை | பிப்ரவரி 13, காலை 9.10

ஆமாம். ஆனால் 1935-இல் தேயிலை லேபிள் எழுதிய கை அதைப் பின்பற்றியிருக்க வாய்ப்பு குறைவு. அதிலும் ஒரு பகுத்தறிவுத் தேயிலை இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

டின்டப்பா | பிப்ரவரி 13, மாலை 5.00

கீழே “நிறுவியது 1923” என்று போட்டால் இன்னும் பழசாகத் தெரியுமே? என் கம்பெனி போன வருஷம்தான் ஆரம்பித்தேன்.

நீலமை | பிப்ரவரி 13, மாலை 5.40

கருவி தானாகவே Est. 1923 என்று போடும், வேண்டாம் என்றாலும் போடும். அழியுங்கள். தோரணை வேறு, பொய் வேறு.

புள்ளிப்பித்தன் | பிப்ரவரி 13, இரவு 7.15

நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்கள்? ஓடாத கல்லச்சுக்கு விலகல், குத்தாத கைக்குப் புள்ளி, 78-க்கு முந்தின லை. வருஷம் போட்டால் மட்டும் பொய்யா?

நீலமை | பிப்ரவரி 14, காலை 12.50

இரண்டு மணிநேரமாக இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். வருஷத்தை நம்பிக் காசு கொடுப்பவர் உண்டு, புள்ளியை நம்பிக் கொடுப்பவர் இல்லை என்று முதலில் எழுதினேன். பிறகு, மூன்று பிக்சல் விலகலைப் பார்த்து “பாரம்பரியக் கம்பெனி போல” என்று ஒருவர் வாங்கினால் அதுவும் நம்பிக்கைதானே என்று பட்டது. வருஷம் கூடாது என்பதில் மாற்றமில்லை. மற்றதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதுச்சரக்கு | பிப்ரவரி 15, இரவு 8.00

அச்செடுத்தேன். மஞ்சள் விளிம்பு தெரிகிறது! தும்பிக்கை லை வைத்துவிட்டேன். என் தங்கை பார்த்துவிட்டு “தேயி… அப்புறம் என்ன எழுத்து இது?” என்று கேட்டாள்.

நீலமை | பிப்ரவரி 15, இரவு 8.20

தங்கைக்கு என்ன வயது?

புதுச்சரக்கு | பிப்ரவரி 15, இரவு 8.21

பத்தொன்பது.

மெஷின்மேன் | பிப்ரவரி 15, இரவு 9.05

பக்கவாட்டுல புது லை போட்டு இன்னொரு தடவ எழுதிடுங்க தம்பி. கடைக்காரன் படிக்கணுமில்ல.